அழகரைப் பார்க்க வந்தவர்கள் அக்காவுக்கு எழுதிய கடிதம்

சித்திரை பிறந்தால் வைகைக் கரையை ஒட்டிய மதுரை வீடுகள் சத்திரமாகிவிடும். மீனாட்சி கல்யாணத்துக்கு ஒரு கூட்டம் வரும். மறுநாள் மாசி வீதிகளில் தேர் பார்க்க இன்னொரு கூட்டம். சித்ரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருகிறவர்கள் முதல்நாள் சாயங்காலமே வந்துவிடுவார்கள், ஏனென்றால் விடியற்காலையில் எந்த வண்டியும் ஆற்றுப் பக்கம் போக முடியாது. செல்லூரில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டில் நாங்கள் குடும்பத்தோடு இறங்கியதும் அந்தக் கடைசிக் கணக்கில்தான்.

இப்படித் தங்கிவிட்டு வந்தவர்கள் நன்றி சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. "ரொம்ப நன்றிக்கா" என்றால், "நமக்குள்ள என்னடி நன்றி?" என்று அக்கா பேச்சை வெட்டிவிடுவார். சொல்லாமல் விட்டாலோ, "ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை பேசலையே" என்பது அடுத்த கல்யாண வீட்டில் காதில் விழும். ஆகவே இரண்டு தவணையாகச் சொல்வதுதான் சரி. ஊர் சேர்ந்த அன்றே ஒரு நிமிடப் போன்: வந்துவிட்டோம், பிள்ளைகள் நல்லபடி இருக்கிறார்கள், அவ்வளவு. அழகர் பூப்பல்லக்கு முடிந்து மலைக்குத் திரும்பும்வரை அக்கா வீட்டில் அடுத்தடுத்து விருந்தாட்கள் இருப்பார்கள்; அவருக்கு நின்று பேச நேரம் இருக்காது. பாய் தலையணையெல்லாம் பரணுக்குப் போன பிறகு விரிவாக எழுதலாம்.

எழுதும்போது "சாப்பாடு அருமை, உபசரிப்பு பிரமாதம்" என்பது யாருக்கும் பொருந்தும் கடிதம். விருந்து வைத்தவர் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருக்கும் வேலை எதுவோ, அதைச் சொல்ல வேண்டும். நான் எழுதியது இது:

"அக்கா, அன்று ராத்திரி நீ படுத்ததாகவே தெரியவில்லை. நாங்கள் எழும்புவதற்குள் அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் குளித்தும் தண்ணீர் தட்டவில்லை. முதல்நாளே டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறாய் என்று சின்னவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். தங்கக் குதிரையில் அழகர் வந்தபோது அவனைத் தோளில் தூக்கி நின்ற அத்தானுக்கு மறுநாள் கழுத்து வலித்திருக்கும், கேட்டதாகச் சொல். தண்ணீர் பீய்ச்சியதில் நனைந்த சட்டைகளை அத்தை அலசிக் காயப்போட்டு மடித்தே கொடுத்துவிட்டார்கள். சர்க்கரைச் செம்பில் வாழை இலை கட்டி விளக்கேற்றுவதை அவர்களிடம்தான் என் மகள் கற்றுக்கொண்டாள். மாடியை விட்டுத் தந்த எதிர்வீட்டு அக்காவிடமும் சொல்லிவிடு. அந்தக் காற்று இல்லாவிட்டால் பிள்ளைகள் தூங்கியிருக்காது."

இதில் அக்காவுக்கு இணையாக அவருடைய மாமியாரும் எதிர்வீட்டாரும் வருவதைக் கவனியுங்கள். விருந்தாட்களின் பாரம் அக்காவின் தலையில் மட்டும் இறங்குவதில்லை. மாமியாரின் பெயர் கடிதத்தில் வந்தால், அடுத்த வருஷம் நம் வரவைப் பற்றிப் பேச்செடுக்க அக்காவுக்கும் சுலபம்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டோம்" என்பதை ஒருமுறைக்கு மேல் எழுதினால், நம்மைச் சமாதானப்படுத்தும் வேலையும் அக்கா தலையில் விழும். போன வருஷம் தங்கிய வீட்டோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தால், அந்தச் செய்தி அந்த வீட்டுக்கு நம் கடிதத்தைவிட வேகமாகப் போய்ச் சேரும். இதே காரணத்தால்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீளமாக நன்றி எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. அங்கே படங்கள் போதும். அதிலும் அக்கா இருக்கும் படமாகத் தேடிப் போடுங்கள். அடுப்படியிலேயே நின்றவர் பெரும்பாலும் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார்.

பணம் அனுப்பக் கூடாது, அது சாப்பாட்டுக்கு விலை கட்டியதாகிவிடும். பிள்ளைகள் கையில் கிளம்பும்போது வைத்தது வேறு கணக்கு. ஆனால் வழிக்கு அக்கா புளியோதரை கட்டித் தந்த தூக்குவாளி நம் வீட்டில் இருக்கிறதே, அதை வெறுமையாகத் திருப்ப முடியாது. எங்கள் ஊர் தூத்துக்குடி என்பதால் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை: முந்திரி மக்ரூன். எண்ணெய் கிடையாது, கெடாது. காற்றுப் பட்டால் மட்டும் நமத்துப்போகும் என்பதால் உறையில் இறுகக் கட்டி உள்ளே வைத்தேன். மதுரைக்குப் போன ஒரு சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்பினேன், இல்லாவிட்டால் பேருந்து நிறுத்தக் குலுக்கலிலேயே நொறுங்கியிருக்கும்.

கடைசியாக ஒரு அழைப்பு. "நீங்களும் ஒருதரம் வாங்க" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். தேதி வேண்டும். பனிமய மாதா கோயில் திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் நிறைவடையும். எந்த மதத்தாரும் போகிற விழா. "4-ஆம் தேதி ராத்திரியே வந்துடுங்க, அத்தையையும் கூட்டிட்டு வாங்க, கீழ் அறையை அவங்களுக்கு ஒழிச்சு வைக்கிறேன்" என்று எழுதினேன். அத்தைக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியாது.