அரை மணியில் கறுக்கும் மருதாணி

மருதாணி இலையில் கறுப்பு நிறம் கிடையாது. அதிலுள்ள லாசோன் என்ற சாயப்பொருள் கையையும் நரையையும் ஆரஞ்சு கலந்த சிவப்பாகத்தான் மாற்றும். அதுவும் நன்றாகப் பிடிக்கச் சில மணி நேரமாகும். எனவே 'ஹெர்பல் ஹென்னா' என்று பச்சை இலை படம் போட்ட பாக்கெட் அரை மணியில் நரையைக் கறுப்பாக்கினால், அந்தக் கறுப்பு இலையிலிருந்து வந்ததல்ல. பெரும்பாலும் அது பாரா ஃபினைலீன்டையமின், சுருக்கமாகப் பிபிடி. சாதாரண ஹேர் டைகளில் இருக்கும் அதே ரசாயனம்.

பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மருதாணி, நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி என்று வரிசையாக வந்து, நடுவே பிபிடியோ பேரியம் பெராக்சைடோ எட்டிப் பார்த்தால் அது ஹேர் டைதான். 'அம்மோனியா இல்லை' என்ற வாசகத்தாலும் ஏமாற வேண்டாம். அம்மோனியா இல்லாத டையிலும் பிபிடி இருக்கலாம். உட்பொருள் பட்டியலே இல்லாத பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

பிபிடி எல்லோருக்கும் ஒவ்வாது என்பதில்லை. ஆனால் ஒருமுறை உடல் அதை எதிரியாகப் பழகிக்கொண்டால், அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். "பத்து வருஷமா இதைத்தான் போடறேன், ஒன்னும் ஆகலையே" என்பார்கள். பதினோராவது வருஷம் ஆகலாம். போட்ட அன்று எதுவும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துக் காதோரமும் நெற்றியும் அரிக்கும், கண் இமை வீங்கும், தலையில் நீர் கோத்த கொப்புளம் வரும்.

சோதனை 48 மணி நேரம் கேட்பது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், சனிக்கிழமை மாலை டை அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதன் மாலையே துளி கலவையைத் தயாரியுங்கள். கிரீம் டை என்றால் டெவலப்பரையும் அதே விகிதத்தில் சேர்க்க வேண்டும். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி, பாக்கெட்டிலுள்ள குறிப்பில் சொன்ன நேரம் விட்டுக் கழுவுங்கள். வெள்ளி மாலை வரை சிவப்போ அரிப்போ தடிப்போ இல்லையென்றால் போடலாம். இடையில் எரிந்தால் உடனே கழுவிவிடுங்கள். அந்த டையைத் தொடவே வேண்டாம். ஒருமுறை தேறியது அடுத்த முறைக்கு உத்தரவாதமில்லை, ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும்.

கறுப்பேதான் வேண்டும், ரசாயனம் வேண்டாம் என்பவர்களுக்கு வழி உண்டு: முதலில் சுத்தமான மருதாணி, அலசிய பிறகு அவுரிப் பொடி. பொறுமை வேண்டும், நிறமும் தலைக்குத் தலை மாறும். அதையும் சோதித்துவிட்டே போடுங்கள், இலைக்கும் ஒவ்வாமை உண்டு.

கோவில் திருவிழாவில் குழந்தை கைக்குப் போடும் 'கறுப்பு மெஹந்தி'யை மட்டும் மறுத்துவிடுங்கள். அதிலும் பிபிடி கலந்திருக்கக்கூடும்.