குளிர்ச்சி ஒரு வேகத்தில், சத்தம் இன்னொரு வேகத்தில்

பெரிய ஹோட்டல்களில் தண்ணீரை ஓரிடத்தில் குளிரவைத்துக் குழாய் வழியே அறைகளுக்கு அனுப்புவார்கள். அறையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒரு பெட்டி இருக்கும். அதிலுள்ள ஃபேன், குளிர்நீர் ஓடும் காயிலின் ஊடாகக் காற்றைத் தள்ளும். இதுதான் ஃபேன் காயில் யூனிட்.

இதை வாங்குமுன் கான்ட்ராக்டர் எந்த மாடல் என்ற விவரங்களைக் கன்சல்டன்ட் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் கட்டுக்குப் பெயர் சப்மிட்டல். பல சமயம் அதில் இருப்பது கம்பெனி கேட்டலாக்கின் நகல் மட்டுமே.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் கேட்பது, 24 டிகிரி அறையில், நடு வேகத்தில், 30 பாஸ்கல் டக்ட் அழுத்தத்தை எதிர்த்து ஊதும்போது 3.5 கிலோவாட் குளிர்ச்சி, சத்தம் என்.சி. 30-ஐத் தாண்டக்கூடாது. கேட்டலாக் காட்டுவது 3.9 கிலோவாட், 34 டெசிபல். மேலோட்டமாகப் பார்த்தால் தாராளம்தான்.

அடிக்குறிப்பில்தான் விஷயம். அந்த 3.9, அறை 27 டிகிரியில் இருக்க, டக்ட் எதுவும் மாட்டாமல், உச்ச வேகத்தில் வந்தது. குளிர்நீர் அதே 7 டிகிரிதான் என்றாலும், அறை 24-க்கு இறங்கினால் காற்றிடமிருந்து எடுக்கக் கிடைக்கும் வெப்பமே குறைவு. அதிலேயே ஏறக்குறைய கால் பங்கு போய், மிஞ்சுவது சுமார் 3 கிலோவாட். வேகம் குறைந்து, டக்டும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். 34 டெசிபலோ மிகக் குறைந்த வேகத்தில் அளந்தது. எவ்வளவு தூரத்தில் என்றும் சொல்லவில்லை. இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் உண்மையாக முடியாது!

என்.சி. என்பது உறுமலையும் சீறலையும் அலைவரிசைப் பட்டை வாரியாகத் தனித்தனியே பார்க்கும் வரம்பு. ஒற்றை டெசிபல் எண்ணில் தாழ்ந்த உறுமல் அமுங்கிப்போகும். விருந்தினரின் தூக்கத்தைக் கெடுப்பதோ பெரும்பாலும் அந்த உறுமல்தான்.

நிராகரிப்புக் கடிதம் இதை உரைக்க வேண்டும். "விவரக்குறிப்புப்படி இல்லை" என்று ஒற்றை வரியில் முடித்தால் அதே கேட்டலாக் புது அட்டையோடு திரும்பி வரும். சப்மிட்டல் எண், ஒப்பந்தப் பிரிவு எண், கேட்டது, கொடுத்தது எல்லாம் அதில் வேண்டும். பிறகு இப்படி எழுதலாம்:

"நடு வேகத்தில், 30 பாஸ்கலில், 24 டிகிரி அறைக்கான மொத்தக் குளிர்ச்சியையும் ஈரம் நீக்குவது சேராத குளிர்ச்சியையும் தயாரிப்பாளரின் தேர்வுக் கணக்குத் தாளாகத் தரவும். அதே வேகத்தில் 63 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை பட்டை வாரியான ஒலித்திறன் அளவுகளும் தேவை. ஒப்புதல் வரும்வரை ஆர்டர் கொடுக்க வேண்டாம்."

'ஒரு சைஸ் பெரிய மாடல் போடுங்கள்' என்று மட்டும் பொறியாளர் எழுதக்கூடாது. பெரும்பாலும் தீர்வு அதுதான். பெரிய யூனிட் நடு வேகத்திலேயே வேண்டிய குளிர்ச்சியைத் தரும், சத்தமும் அடங்கும். ஆனால் அப்படி எழுதிவிட்டால், சீலிங்குக்குள் அது நுழையாதபோது பொறுப்பு அவர் தலையில் விழும். மாடலைத் தேர்ந்து, சீலிங் உயரத்தை அளந்து பார்ப்பது கான்ட்ராக்டரின் வேலை.