மூச்சா, வலியா: செவிலியர் முதலில் எழுத வேண்டியது எது?

நோயாளியை மதிப்பிடுவது, அவருடைய பிரச்சினையைக் கண்டறிவது, திட்டமிடுவது, செயல்படுத்துவது, பலனைச் சரிபார்ப்பது என்ற ஐந்து படிகள் கொண்டது செவிலியச் செயல்முறை. அமெரிக்காவில் ஹெலன் யூராவும் மேரி வால்ஷும் 1967-இல் இதை நூலாக எழுதியபோது நான்கு படிகளே இருந்தன. கண்டறிதல் தனிப் படியானது 1970-களில்தான். நர்சிங் மாணவர்களைத் தேர்வில் அதிகம் தடுமாற வைப்பதும் அந்தப் படிதான்.

எடுத்துக்காட்டாக ஒரு நோயாளி. வயது 55, பல ஆண்டுகளாகப் புகைபிடிப்பவர். வயிற்றைத் திறந்து பித்தப்பையை அகற்றி இரண்டாம் நாள். "இருமினா தையல் பிரிஞ்சிடும்போல இருக்கு" என்கிறார். இருமும்போது வலி பத்துக்கு ஏழு என்று சொல்கிறார். மூச்சு நிமிடத்துக்கு 26, ஆழமில்லாமல் மேலோட்டமாக இருக்கிறது. ரத்த ஆக்சிஜன் 92 சதவீதம், லேசான காய்ச்சல். ஸ்டெதாஸ்கோப்பில் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் கரகரப்பு கேட்கிறது. சளி இருக்கிறது, வெளியே வரவில்லை. காயக்கட்டு காய்ந்து சுத்தமாக இருக்கிறது.

இதில் நோயாளி சொன்னது ஒரு வகைத் தகவல், செவிலியர் அளந்தும் கேட்டும் அறிந்தது இன்னொரு வகை. இரண்டையும் பொருத்திப் பார்ப்பது மதிப்பீட்டின் பாதி வேலை. விரல் சில்லிட்டிருந்தாலோ நகச்சாயம் பூசியிருந்தாலோ ஆக்சிமீட்டர் தவறாகக் காட்டலாம். ஆகவே 92 என்பதை நம்புவதற்கு முன் வேறு விரலில் மாட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, கண்டறிதல். 'நிமோனியா' என்று எழுதினால் விடை தவறு. அது மருத்துவர் தீர்மானிக்க வேண்டிய நோய். அந்த நிலைமையில் நோயாளிக்கு என்ன முடியாமல் போகிறது, அதில் தன் வேலையால் எதை மாற்ற முடியும் என்பதையே செவிலியர் எழுத வேண்டும். பிரச்சினை, காரணம், சான்று என்ற வரிசையில் அது அமையும்: 'அறுவைக் காயத்தின் வலியால் இருமத் தயங்குவதன் காரணமாக, மூச்சுப்பாதையிலிருந்து சளியை வெளியேற்ற இயலாமை, சான்று: நுரையீரலில் கரகரப்பு, நிமிடத்துக்கு 26 மூச்சு, ஆக்சிஜன் 92 சதவீதம்.'

நோயாளி முறையிடுவது வலியைப் பற்றி. அப்படியிருக்க மூச்சை ஏன் முதலில் வைக்க வேண்டும்? மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்பதே உயிராபத்தின் வரிசை. தேங்கிய சளி நுரையீரலின் சிறு அறைகளைச் சுருங்கச் செய்யும். பிறகு தொற்றுக்கும் இடம் கொடுக்கும். இதனால் வலி பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. சளி தேங்கக் காரணமே வலி என்பதால், பட்டியலில் இரண்டாவதாக இருந்தாலும் செயலில் அதைத் தணிப்பதே முதல் வேலை. பல விடைத்தாள்கள் கோட்டைவிடும் இடம் இது.

இலக்கு எழுதும்போது இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'மூச்சுப்பயிற்சி கற்றுக்கொடுத்தல்' என்பது செவிலியரின் வேலை, நோயாளியின் இலக்கு அல்ல. 'நன்றாக மூச்சுவிடுவார்' என்பதோ அளக்க முடியாதது. சரியான இலக்கு இப்படி இருக்கும்: 'நாளைக் காலை 8 மணிக்குள் நோயாளி தானே இருமிச் சளியை வெளியேற்றுவார், மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல் போகாது, வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்காமலே ரத்த ஆக்சிஜன் 95 சதவீதமாவது இருக்கும்.' யார், என்ன, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற நான்கும் இதில் வந்துவிடுகின்றன.

மருத்துவர் எழுதிய வலிமருந்தைக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகே இருமல் பயிற்சி. மார்ஃபின் வகை மருந்தானால் மூச்சு மந்தமாகிறதா, தூக்கக்கலக்கம் மிகுகிறதா என்று கவனிக்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்து, தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்ல வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை ஸ்பைரோமீட்டரில் மூச்சை ஆழமாக உள்ளிழுக்கச் செய்யலாம். கட்டிலைவிட்டு எழுந்து சில அடி நடப்பதும் சளியை இளக்கும்.

மறுநாள் காலை 8 மணிக்குச் சரிபார்த்தால், சளி கொஞ்சம் வந்திருக்கிறது. மூச்சு 22, ஆக்சிஜன் 94 சதவீதம். 'தலையணையை அணைத்து இருமச் சொல்லிக்கொடுக்கப்பட்டது' என்று இங்கே எழுதினால் அது செய்த வேலையின் பதிவு மட்டுமே. 'இலக்கு ஓரளவு எட்டப்பட்டது' என்று தீர்ப்பும், அதற்குச் சான்றாக இந்த எண்களும் எழுத வேண்டும். பிறகு காரணம் தேடி மீண்டும் மதிப்பீடு. சளி கெட்டியாக இருந்து, நோயாளி தண்ணீர் குடித்ததும் குறைவு என்று தெரிந்தால், மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நீரைக் கூட்டி, புதிய நேரக்கெடுவுடன் இலக்கைத் திருத்தலாம். ஆக்சிஜன் 90-க்குக் கீழே இறங்கினாலோ, நோயாளிக்குக் குழப்பம் ஏற்பட்டாலோ திட்டத்தைத் திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.