தொய்வைக் குறைத்தால் என்ன விலை?

கோல்டன் கேட் பாலத்தின் படத்தைப் பார்க்கும் எவர் கண்ணும் முதலில் அதன் கோபுரங்களுக்குப் போகும். அடுத்து, அவற்றுக்கு நடுவே வளைந்து இறங்கும் இரண்டு வடங்களுக்கு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயிலில் 1937-இல் திறக்கப்பட்ட இந்தத் தொங்கு பாலத்தில் கோபுரத்துக்குக் கோபுரம் 1280 மீட்டர் இடைவெளி. வடம் கோபுர உச்சியிலிருந்து நடுப்பகுதிக்கு வருவதற்குள் 143 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. இந்த இறக்கத்தைத்தான் பொறியாளர்கள் தொய்வு என்கிறார்கள். இந்த ஓர் எண்ணை முடிவு செய்தால் வடத்தின் பருமன், கோபுரத்தின் உயரம், கரையில் வடத்தைப் பிடித்து நிறுத்தும் கான்கிரீட் நங்கூரத்தின் அளவு ஆகிய மூன்றும் அதைப் பின்தொடர்ந்து வந்துவிடும்.

வடத்தை நடுவில் வெட்டிப் பார்ப்போம்

திறந்த காலத்தில் பாலத்தின் சொந்த எடை, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 32 டன். வடங்கள் இரண்டு என்பதால் ஒன்றின் பங்கு 16 டன். இந்தச் சுமை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகப் பரவியிருப்பதாகக் கொள்வோம்.

வடத்தை அதன் மிகத் தாழ்வான புள்ளியில், நட்டநடுவில், வெட்டியதாகக் கற்பனை செய்து இடது பாதியை மட்டும் பார்க்கலாம். அந்தப் பாதி தாங்கும் சுமை, 640 மீட்டர் நீளத்துக்கு மீட்டருக்கு 16 டன் வீதம், 10,240 டன். சீரான சுமை என்பதால் அது முழுவதும் கோபுரத்திலிருந்து 320 மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் தொங்குவதாக எடுத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது. கோபுர உச்சியை அச்சாக வைத்து இந்தச் சுமை அரைவடத்தைக் கீழ்நோக்கிச் சுழற்றப் பார்க்கிறது.

அதைச் சுழலவிடாமல் தடுப்பது எது? வெட்டிய இடத்தில் மறுபாதி இழுக்கும் இழுப்புதான். தாழ்ந்த புள்ளியில் வடம் படுக்கைவாட்டில் இருப்பதால் அந்த இழுப்பும் முழுக்கப் படுக்கைவாட்டில்தான் இருக்கும். அது உச்சியிலிருந்து 143 மீட்டர் கீழே செயல்படுகிறது. இரண்டு திருப்புதல்களும் சமமாக வேண்டும்:

H × 143 = 10,240 × 320

இதிலிருந்து கிடைமட்ட இழுவிசை H சுமார் 22,900 டன் என்று கிடைக்கிறது. பாடநூல்களில் வரும் H = wL²/8d என்ற சூத்திரம் இதே சமநிலையின் சுருக்கம். w மீட்டருக்கான சுமை, L கோபுர இடைவெளி, d தொய்வு.

சுமை எல்லாமே செங்குத்தாகக் கீழ்நோக்கி இருப்பதால், கிடைமட்ட இழுவிசை வடத்தின் எந்த இடத்திலும் மாறுவதில்லை. மாறுவது செங்குத்துப் பங்கு. நடுவில் அது பூச்சியம். கோபுரத்தை நெருங்க நெருங்கக் கூடி, உச்சியில் 10,240 டன்னை எட்டுகிறது. இரண்டும் செங்கோணத்தில் இருப்பதால் பிதாகரஸ் தேற்றப்படி சேர்த்தால் சுமார் 25,100 டன். இதுதான் அதிகபட்ச இழுவிசை. அது வருகிற இடம் கோபுர உச்சி. வடம் அதிகமாகத் தாழும் நடுவில்தான் இழுப்பும் அதிகம் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் இழுவிசை மிகக் குறைவாக இருக்கும் இடம் அதுதான்.

பாலம் நெடுக வண்டிகள் நிறைந்தால்? வடிவமைப்பின்போது கொண்ட வாகனச் சுமை, வடம் ஒன்றுக்கு மீட்டருக்குச் சுமார் 3 டன். சுமை 16-லிருந்து 19 டன் ஆகும்போது அதிகபட்ச இழுவிசை ஏறக்குறைய 29,800 டன்னுக்கு ஏறுகிறது. ஒவ்வொரு வடத்திலும் 27,572 கம்பிகள் உள்ளன. ஒரு கம்பியின் விட்டம் 5 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. வகுத்துப் பார்த்தால் ஒரு கம்பிக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல்.

கூடினாலும் குறைந்தாலும் செலவு

தொய்வைப் பாதியாகக் குறைத்தால் கோபுரங்கள் 70 மீட்டருக்கு மேல் குட்டையாகும். ஆனால் சூத்திரத்தில் d கீழே இருக்கிறது. கிடைமட்ட இழுவிசை இரட்டிப்பாகி 45,800 டன் ஆகிவிடும். வடமும் நங்கூரமும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். துணி காயப்போடும் கொடியை நேர்க்கோடாக இழுத்துக் கட்டப் பார்த்தவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும்: ஈரச் சேலை விழுந்ததும் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். தொய்வே இல்லாத வடம் எவ்வளவு சிறிய சுமைக்கும் எல்லையற்ற இழுவிசை கேட்கும். அதனால் அப்படி ஒரு வடம் இருக்கவே முடியாது.

மறுபக்கம், தொய்வை இரட்டிப்பாக்கி 286 மீட்டர் ஆக்கினால் H பாதியாகும். அதிகபட்ச இழுவிசையோ பாதியாகாமல், 25,100-லிருந்து 15,400 டன்னுக்கு மட்டுமே இறங்கும். காரணம் அந்த 10,240 டன். வடம் தாங்கும் எடையில் பாதியை ஒவ்வொரு கோபுர முனையும் தூக்கியே தீர வேண்டும். எந்தத் தொய்வும் அதைக் குறைக்காது. கிடைத்த இந்த லாபத்துக்குக் கோபுரம் இன்னும் 143 மீட்டர் உயர வேண்டும். கப்பல்கள் போகத் தளத்துக்குக் கீழே 67 மீட்டர் விட்டாக வேண்டிய இடத்தில் தொய்வின் ஒவ்வொரு மீட்டரும் கோபுரத்தின் தலையில்தான் ஏறும். 227 மீட்டர் கோபுரமும், இடைவெளியில் ஒன்பதில் ஒரு பங்கான தொய்வும் இந்த இழுபறியில் கண்ட நடுநிலை.

கணக்கின் எல்லைகள்

சுமை கிடைமட்டத் தூரத்துக்குச் சீராக இருந்தால் வடம் எடுக்கும் வடிவம் பரவளையம். வெறும் சங்கிலி தன் எடையில் மட்டும் தொங்கினால் வளைவு வேறு; அதைச் சங்கிலியம் என்பார்கள். இந்தப் பாலத்தில் வடத்தின் சொந்த எடையே மீட்டருக்கு ஏறக்குறைய 4 டன், அதாவது வடம் ஒன்றின் பங்கான 16 டன்னில் கால்பங்கு. வடம் சரிந்திருக்கும் கோபுரப் பக்கத்தில் அந்த எடை கிடைமட்ட மீட்டருக்கு ஒரு பத்து சதவீதம் கூடுதலாக விழும். மொத்தச் சுமையில் அது இரண்டு, மூன்று சதவீத வித்தியாசம்தான். ஆகவே முதல் கணக்குக்குப் பரவளையம் போதும். இறுதி வடிவமைப்புக்குப் போதாது.

இதைவிட முக்கியமான எல்லை, சுமை ஒரு பாதியில் மட்டும் இருக்கும் நிலை. அப்போது வடம் பரவளையமாக நிற்காது. கனமான பாதி தாழ்ந்து, மறுபாதி மேலெழும். மொத்தச் சுமை முழுச் சுமையைவிடக் குறைவு என்பதால் இழுவிசைக் கணக்கில் ஆபத்து எதுவும் தெரியாது. சாலை மட்டும் அலைபோல் நெளியும். அதைத் தடுக்கத்தான் தளத்தின் ஓரமாக 7.6 மீட்டர் ஆழமுள்ள எஃகுச் சட்டகம் நீள நெடுக ஓடுகிறது. அது உள்ளூர்ச் சுமையைப் பல தொங்கு கயிறுகளுக்குப் பகிர்ந்து, வடத்துக்கு வரும் சுமையைச் சீரான நிலைக்கு நெருக்கமாக வைக்கிறது. நம் சூத்திரம் பொருந்துவதே ஓரளவு அந்தச் சட்டகத்தின் தயவால்தான்.

வெப்பமும் தொய்வை மாற்றும். கோபுரங்களுக்கு இடையே வடத்தின் நீளம் சுமார் 1321 மீட்டர். நேர்த் தூரத்தைவிட 41 மீட்டர்தான் அதிகம். 20 பாகை செல்சியஸ் சூடேறினால் வடம் ஏறக்குறைய 32 சென்டிமீட்டர் நீளும். கோபுர உச்சிகள் அசையாமல் இருப்பதாகக் கொண்டால், தொய்வு சுமார் 57 சென்டிமீட்டர் கூடும். நீளத்தில் வரும் சிறு பிழை தொய்வில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும் என்பது இதன் பொருள்.

இதுவே கட்டுமானத்தில் வசதியாகவும் அமைகிறது. பாலம் கட்டுபவர்கள் ஒவ்வொரு கம்பியின் இழுவிசையையும் தனியே அளந்துகொண்டிருப்பதில்லை. கம்பிக் கற்றை கட்டியதும், எஃகின் வெப்பநிலை சீராக இருக்கும் இரவு நேரத்தில் அதன் தொய்வை அளந்து, குறித்த உயரத்துக்கு வரும்வரை நீளத்தைத் திருத்துகிறார்கள். சுமையும் இடைவெளியும் தெரிந்தவை. தொய்வு சரியென்றால் H சரியாகத்தான் இருக்க வேண்டும்.