நூறிலேயே நின்ற எண்

டிக்கெட் பதிவு செய்ததும் நமக்கு வரும் எஸ்எம்எஸ் நேராக போனுக்கு வருவதில்லை. முதலில் ஒரு வரிசையில் போய் நிற்கும். 'வொர்க்கர்' எனப்படும் நிரல்கள் அதை எடுத்து, எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சர்வரிடம் ஒப்படைக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் அந்த வரிசையை ராபிட்எம்கியூ என்ற மென்பொருள் பராமரித்தது. இரவில் வரிசை குறையாமல் நின்றுபோனால் ஆன்-கால் ஆளை எழுப்புவார்கள். அவர் கையில் இருப்பது ரன்புக், அதாவது என்ன பார்ப்பது, என்ன செய்வது என்று எழுதிவைத்த பக்கம்.

எங்கள் பக்கத்தின் முதல் வரி, 'வொர்க்கரை ரீஸ்டார்ட் செய்' என்றிருந்தது. ஓர் இரவு அப்படியே செய்தேன். வரிசை சில நிமிடம் நகர்ந்தது, மறுபடி நின்றது. மூன்று முறை செய்தேன். மறுநாள், ஒரே எஸ்எம்எஸ் நான்கு தடவை வந்ததாகச் சிலர் புகார் செய்தார்கள்.

முதலில் நான் அடித்திருக்க வேண்டிய கட்டளை இது:

```
rabbitmqctl list_queues name messages_ready messages_unacknowledged consumers

sms   18240   100   5
```

18,240 செய்திகள் காத்திருக்கின்றன. 100 செய்திகளை வொர்க்கர்கள் வாங்கிக்கொண்டு, 'முடிந்தது' என்று இன்னும் சொல்லவில்லை. வொர்க்கர்கள் 5. கடைசி எண் 0 என்றால் வேலை செய்ய ஆளே இல்லை. அப்போது ரீஸ்டார்ட் சரிதான். நடு எண் பார்க்கும்போதெல்லாம் ஏறி இறங்கினால் வேலை நடக்கிறது, வரத்துதான் அதிகம். வொர்க்கர்களைக் கூட்ட வேண்டும்.

எங்களுக்கு அது 100-லேயே நின்றது. ஒரு வொர்க்கர் ஒரே சமயத்தில் 20 செய்திகள் வரை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அமைத்திருந்தோம். ஐந்து பேருக்கு 100. எல்லோர் கையும் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். யாராவது எதையாவது முடிக்கிறார்களா என்பது இந்த எண்ணை மட்டும் வைத்துத் தெரியாது.

அடுத்து வொர்க்கரின் லாக். ஐந்திலும் கடைசி வரி 'அனுப்புகிறேன்' என்பதோடு நின்றிருந்தது. எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சர்வர் பெரும்பாலான செய்திகளுக்குப் பதில் தந்து, ஒன்றிரண்டுக்கு மட்டும் வாயே திறக்கவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று எங்கள் நிரலில் எழுதவில்லை. அதனால் ஒவ்வொரு வொர்க்கராக மாட்டிக்கொண்டு, கடைசியில் ஐந்துமே உட்கார்ந்துவிட்டன.

ரீஸ்டார்ட் செய்தால் அந்த நூறும் வரிசைக்கே திரும்பும். அவற்றில் 95 இன்னும் தொடப்படாதவை, அவற்றால் தொல்லை இல்லை. அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த ஐந்துதான் ஆபத்து. எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்திருக்கலாம். ராபிட்எம்கியூவுக்கு அது தெரியாது, மறுபடி அனுப்பக் கொடுக்கும்.

பிறகு, 10 நொடியில் பதில் வராவிட்டால் அந்தச் செய்தியைத் தனி வரிசைக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்குமாறு நிரலைத் திருத்தினோம். ரன்புக்கின் முதல் வரியையும் மாற்றினேன்: 'மூன்று எண்களையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை குறித்துக்கொள். நடு எண் அசையவில்லை என்றால், ரீஸ்டார்ட்டுக்கு முன் ஒவ்வொரு வொர்க்கரின் கடைசி லாக் வரியையும் எடுத்து வை.'