புதிய பதவியின் சம்பள விகிதமும் பழைய ஊழியரும்

திருவனந்தபுரத்தில் 1990ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டெக்னோபார்க் வளாகத்தில் பெரிய நிறுவனங்களோடு சிறு மென்பொருள் நிறுவனங்களும் பல இயங்குகின்றன. இருபது பேர் பணிபுரியும் ஒரு நிறுவனம் புதிய பதவி ஒன்றை ஏற்படுத்தும்போது, அதன் சம்பளத்தை வெளிச்சந்தை மட்டுமே நிர்ணயித்தால் பழைய ஊழியருக்கு அநீதி நேர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, அத்தகைய நிறுவனம் ஒன்றில் மூன்று மென்பொருள் சோதனையாளர்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு, நான்கு, ஏழு ஆண்டு அனுபவமுள்ள அவர்கள் முறையே மாதம் ரூ. 38,000, ரூ. 41,000, ரூ. 46,000 பெறுகின்றனர். சோதனைகளைக் கணினியே நடத்துமாறு நிரல் எழுதும் புதிய பதவிக்கு, நான்கு ஆண்டு அனுபவமுள்ளவர் ரூ. 48,000 கேட்கிறார். அதை அப்படியே வழங்கினால், ஏழு ஆண்டு அனுபவமுள்ளவரை அவர் மிஞ்சிவிடுவார்.

முதற்படி, பணி மதிப்பீடு. திறமை, பொறுப்பு, உழைப்பு, பணிச்சூழல் ஆகிய நான்கிற்கும் புள்ளிகள் வழங்க வேண்டும். மதிப்பிட வேண்டியது பணியையே. அதைச் செய்பவரையோ அவருடைய முந்தைய சம்பளத்தையோ அன்று. சோதனையாளர் பணி 300 புள்ளிகளும், புதிய பணி 320 புள்ளிகளும், நிரலாளர் பணி 400 புள்ளிகளும் பெற்றால், முதலிரண்டையும் ஒரே தரத்தில் வைப்பதே பொருத்தம். பதவியின் பெயர் மாறுவதால் மட்டும் தரம் உயர்ந்துவிடாது.

அடுத்து, அத்தரத்திற்கு ரூ. 36,000 முதல் ரூ. 54,000 வரை சம்பள விகிதம் வகுக்கலாம். அதனுள் இரண்டு ஆண்டு அனுபவத்திற்கு ரூ. 38,000, நான்கிற்கு ரூ. 43,000, ஏழிற்கு ரூ. 49,000 என்று இருவகைப் பணியினருக்கும் பொதுவான விதி அமைய வேண்டும். அதன்படி பழைய ஊழியர் இருவருக்கு ரூ. 2,000, ரூ. 3,000 உயர்வு கிட்டும். புதியவருக்கு ரூ. 43,000 சம்பளமும், ஆள் பற்றாக்குறையை முன்னிட்டு ரூ. 5,000 தனிப்படியும் வழங்கலாம். அப்படி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே என்பதை நியமன ஆணையிலேயே குறிப்பிட வேண்டும். கெடு முடிந்ததும் சந்தை நிலையை மீண்டும் ஆராய வேண்டும். அத்திறனைக் கற்றுத் தேரும் பழைய ஊழியருக்கும் அதே படி உரியது.

ஆகவே, புதிய நியமனத்தின் உண்மையான மாதச் செலவு ரூ. 48,000 அன்று; ரூ. 53,000 ஆகும். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றின் சுமை இதற்கு மேற்பட்டது. இத்தொகைக்கு இடமில்லையெனில், பழைய ஊழியர் ஒருவருக்குப் பயிற்சியளித்து அப்பதவியில் அமர்த்துவது சிக்கனமாகும்.

சட்டம் ஓர் எல்லையை வகுத்துள்ளது. மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில், ஒரே தன்மையான சுருக்கெழுத்துப் பணிக்குப் பெண்களுக்குக் குறைந்த ஊதியம் தருவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் நிதி நெருக்கடியை அது காரணமாக ஏற்கவில்லை. ஆயினும், பழையவருக்கும் புதியவருக்கும் இடையே தோன்றும் ஏற்றத்தாழ்வு முழுவதையும் இச்சட்டம் களைந்துவிடாது. ஆண்டுதோறும் அனுபவத்தையும் சம்பளத்தையும் ஒரே பட்டியலில் அருகருகே எழுதிப் பார்த்தால் அது புலப்படும். விதியால் விளக்க முடியாத வேறுபாடு எதுவாயினும் திருத்தத்திற்கு உரியதாகும்.