கம்பி கீழேயே கிடந்தால்

ஆர்டுயினோ ஊனோ பலகையின் 2-ஆம் பின்னில் ஒரு பட்டனை இணைத்து, அதை அழுத்தினால் ஒரு எண்ணிக்கை கூடும்படி நிரல் எழுதுகிறார் ஒருவர். `attachInterrupt` கட்டளையின் கடைசியில் `FALLING` என்று போட வேண்டிய இடத்தில் `LOW` என்று போட்டுவிடுகிறார். பட்டனை அழுத்தியதும் பலகை பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிடுகிறது. சீரியல் மானிட்டரில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் நின்றுபோகின்றன. விரலை எடுத்தால் மறுபடியும் எல்லாம் ஓடுகிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் ஒன்று கூடவில்லை, பல்லாயிரம் கூடியிருக்கிறது.

பட்டன் கெட்டுவிட்டது என்று பலர் அதை மாற்றிப் பார்ப்பார்கள். பட்டனின் தகடு அதிர்ந்து ஓர் அழுத்தலுக்கு நாலைந்து முறை எண்ணிக்கை கூடுவது வேறு கோளாறு. இங்கே பட்டன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. சிப் தன்னிடம் சொன்னதைச் சொன்னபடியே செய்துகொண்டிருக்கிறது.

வெளியிலிருந்து வரும் ஒரு சைகைக்காக, நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு வேறொரு சிறு நிரலுக்குத் தாவுவதுதான் இன்டரப்ட். அந்தச் சைகையைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. கம்பியின் மின்னழுத்தம் மேலிருந்து கீழே விழும் கணத்தை மட்டும் கவனிப்பது எட்ஜ் முறை. கம்பி இப்போது கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது லெவல் முறை. தபால்காரர் வாசலில் ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கடன்காரர் பணம் கைக்கு வரும்வரை திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

ஊனோவில் இருக்கும் ATmega328P சிப்பில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். எட்ஜ் முறையில், கம்பி விழுந்ததும் சிப்புக்குள் `INTF0` என்ற ஒரு பிட் 1 ஆகிறது. இன்டரப்ட் நிரலுக்குள் நுழையும்போது அந்தப் பிட் தானாக அழிந்துவிடும். அதற்குப் பிறகு கம்பி ஒரு மணி நேரம் கீழேயே கிடந்தாலும் கேட்பாரில்லை. மேலே ஏறி மறுபடி விழுந்தால்தான் அடுத்த அழைப்பு. லெவல் முறையில் இந்த நினைவு பிட்டுக்கு வேலையே இல்லை. கம்பி கீழே இருக்கும்வரை கோரிக்கை நிற்கும். யாரும் அழிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இன்டரப்ட் நிரல் ஓடும்போது சிப் மற்ற இன்டரப்டுகளுக்குக் கதவை மூடிவைத்திருக்கும். நிரல் முடிந்ததும் கதவு திறக்கும். கம்பி இன்னும் கீழேதான். உடனே மறுபடி உள்ளே போக வேண்டியதுதான். ஆனால் இந்தச் சிப் குடும்பத்தில் ஒரு விதி உண்டு: ஓர் இன்டரப்டிலிருந்து திரும்பியதும், அடுத்ததற்குப் போகுமுன் முதன்மை நிரலின் ஒரே ஒரு கட்டளையாவது நிறைவேறும். ஆகவே முதன்மை நிரல் முழுதாக நிற்பதில்லை, சொட்டுச்சொட்டாக நகர்கிறது. ஆர்டுயினோ வழியில் ஒருமுறை உள்ளே போய்வர ஏறத்தாழ 5 மைக்ரோ விநாடி ஆகிறது. விநாடிக்கு 1.6 கோடித் துடிப்பில் ஓடும் சிப், இப்போது விநாடிக்கு இரண்டு லட்சம் கட்டளைகளையே நகர்த்துகிறது. பட்டனைக் கால் விநாடி அழுத்தினால் இன்டரப்ட் ஐம்பதாயிரம் முறை ஓடியிருக்கும்.

அப்படியானால் எல்லாம் மெதுவாகத்தானே ஆக வேண்டும், சீரியல் ஏன் அடியோடு நிற்கிறது? இன்டரப்டுகளுக்குள் முன்னுரிமை வரிசை இருக்கிறது. 2-ஆம் பின்னுக்குரிய `INT0` அந்த வரிசையில் ரீசெட்டுக்கு அடுத்தபடி முதலில் நிற்கிறது. நேரம் கணக்கிடும் டைமரும் சீரியலும் வெகு பின்னால். முதல் ஆள் நகராமல் நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு முறையே வராது. அதனால் `millis()` காட்டும் எண் அப்படியே உறைந்துபோகும். கோளாறைக் கண்டுபிடிக்க `Serial.print` போட்டுப் பார்ப்பவருக்கு அதுவும் கைகொடுக்காது.

இவ்வளவு வம்பு இருந்தும் லெவல் முறையை ஏன் வைத்திருக்கிறார்கள்? ஒரு நல்ல காரணம், சைகை தவறிப்போகாது என்பது. பேட்டரியில் ஓடும் ஒரு மண்ஈரப் பதிவுக் கருவியை எடுத்துக்கொள்வோம். சிப் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும். DS3231 என்ற கடிகாரச் சிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் அடித்து எழுப்பும். அது அலாரம் அடிப்பது என்றால், தன் `INT` காலைக் கீழே இழுத்துப் பிடிப்பது. தன் உள்ளே `0x0F` முகவரியில் உள்ள `A1F` பிட்டை யாராவது 0 ஆக்கும்வரை அது பிடியை விடாது.

அதை இன்டரப்ட் நிரலுக்குள்ளேயே அழித்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். அழிக்க வேண்டுமானால் இரண்டு கம்பி வழியாகக் கடிகாரத்தோடு பேச வேண்டும்; அதற்கான `Wire` நூலகமே இன்டரப்டை நம்பித்தான் ஓடுகிறது. கதவு மூடியிருக்கும்போது அதைக் கூப்பிட்டால், வராத இன்டரப்டுக்காக அது காத்துக்கொண்டே இருக்கும். ஆகவே உள்ளே போனதும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த இன்டரப்டையே அணைத்துவிட்டுத் திரும்புவது.

```
void wake() {
  detachInterrupt(digitalPinToInterrupt(2));
}
```

அளவெடுப்பது, எழுதுவது, `A1F` பிட்டை அழிப்பது எல்லாம் முதன்மை நிரலின் பாடு. கம்பி மேலே ஏறியபின் உறங்கப் போகலாம்.

```
noInterrupts();
attachInterrupt(digitalPinToInterrupt(2), wake, LOW);
sleep_enable();
interrupts();
sleep_cpu();
sleep_disable();
```

இங்கே `interrupts()` வரியும் `sleep_cpu()` வரியும் ஒட்டி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கதவைத் திறந்ததற்கு அடுத்த ஒரு கட்டளை, இன்டரப்ட் காத்திருந்தாலும், நிறைவேறியே தீரும். எனவே அலாரம் சரியாக அந்த நொடியில் அடித்தாலும் சிப் முதலில் உறங்கும், பிறகு உடனே விழிக்கும். எழுப்பும் அழைப்பு உறக்கத்துக்கு முன்பே வந்து வீணாகிவிட்டது என்ற நிலை வராது.

இப்போது `A1F` பிட்டை அழிக்க மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். லெவல் முறையில், சிப் உறங்கப் போகும், கம்பி கீழே இருப்பதால் அப்போதே விழிக்கும், அளவெடுக்கும், மறுபடி உறங்கப் போகும். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வர வேண்டிய பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவியும், பேட்டரி சீக்கிரம் தீரும். எட்ஜ் முறையில் அதே மறதி நேரெதிராக வெளிப்படும். முதல் அலாரத்தில் கம்பி விழுந்தது. அது மேலே ஏறவே இல்லை, ஆகவே மறுபடி விழவும் வழியில்லை. ஒரே ஒரு பதிவோடு கருவி நிரந்தரமாக உறங்கிவிடும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது கோளாறுதான் மோசம். வெள்ளமாக வரும் பதிவுகளைப் பார்த்ததும் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். மௌனத்தைப் பார்த்தால் கம்பி அறுந்ததா, பேட்டரி போனதா, சிப் போனதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரின் ஒரு முனையை 2-ஆம் பின்னிலும் மறுமுனையை கிரவுண்டிலும் வைத்துப் பாருங்கள். அலாரம் இல்லாத நேரத்தில் அங்கே சிப்பின் மின்னழுத்தம் ஏறக்குறைய முழுதாக இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் பிட் அழியவில்லை, அல்லது கம்பியை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டிய மின்தடைக்கு மின்சாரம் போகவில்லை. DS3231-இன் அந்தக் கால் கீழே இழுக்க மட்டுமே தெரிந்தது. மேலே தூக்குவது மின்தடையின் வேலை. கடையில் கிடைக்கும் கடிகாரப் பலகைகள் பலவற்றில் அந்த மின்தடை பலகையின் `VCC`-யோடு இணைந்திருக்கும். மின்சாரம் மிச்சம்பிடிக்க `VCC`-யைத் துண்டித்துவிட்டுப் பொத்தான் பேட்டரியில் மட்டும் கடிகாரத்தை ஓட விட்டால், அந்த மின்தடை உயிரில்லாத கம்பியோடு சேர்ந்து பின்னைக் கீழே இழுத்துவிடும். `INPUT_PULLUP` போட்டாலும் ஈடுகொடுக்காது. சிப்புக்குள் இருக்கும் மின்தடை 20 கிலோ ஓமுக்கு மேல், பலகையில் இருப்பதோ பெரும்பாலும் 4.7 கிலோ ஓம். பலகையில் இருப்பதைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டு, சிப்பின் சொந்த மின்கம்பியிலிருந்து வேறொன்றைப் போட வேண்டும்.